டாலி பயிற்சி: பெரியவர்கள் மனம் நோகாமல் சிறு குழுக்களாகப் பிரிப்பது எப்படி?

கடை_நிர்வாகம்

வணக்கம். திண்டுக்கல்லில் ஒரு மின்சாதன மொத்த விற்பனைக் கடையில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். இதுவரை பில் எல்லாம் கையால்தான், பேரேடும் கையால்தான். ஏப்ரல் 1 முதல் டாலி பிரைமுக்கு மாறலாம் என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். ஊழியர்கள் மொத்தம் 13 பேர். கவுண்டரில் 4, குடோனில் 3, வசூலுக்கு 3, கணக்கில் 2, லாரி புக்கிங்குக்கு 1. பாதிப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், என்னைவிட இருபது வயது மூத்தவர்கள், நான் அண்ணன், அக்கா என்று கூப்பிடுகிறவர்கள். கம்ப்யூட்டர் என்றாலே "அது நமக்கு வேண்டாம்மா" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

மூன்று நான்கு பேராகப் பிரித்து உட்காரவைக்கலாம் என்று நினைக்கிறேன். பயிற்சிக்கு ஒதுக்க இரண்டு கம்ப்யூட்டர்தான் இருக்கின்றன. யாரை யாரோடு போடுவது, எந்த நேரத்தில் வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக இதை எப்படி எழுதி ஒட்டுவது என்றுதான் குழப்பம். முதலாளி சொல்லி நான் தட்டிவைத்திருக்கும் சுற்றறிக்கை இது:

"கணினி அறிவு இல்லாத ஊழியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி கீழ்க்கண்ட தேதிகளில் நடைபெறும். அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும். முடிவில் தேர்வு உண்டு."

இதை அப்படியே ஒட்டினால் மறுநாள் நாலு பேர் லீவு கேட்பார்கள் என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஈரோடு_ஜவுளி

ரொம்ப யோசிக்காதீர்கள். வயது வாரியாகப் பிரித்துவிடுங்கள். 45-க்கு மேல் ஒரு குழு, கீழே ஒரு குழு. பெரியவர்களுக்குச் சிறுசுகள் முன்னால் தடுமாறுவதுதான் கூச்சம், அது போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் டாலியில் திரையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் பயமே இருக்காது, பயிற்சி கூடத் தேவைப்படாது.

---

கரூர்_பஸ்பாடி

எல்லாரையும் ஒரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிடுங்கள். தமிழ்நாடு அரசு நடத்தும் கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வு எழுதினால் சான்றிதழும் கிடைக்கும். அலுவலக வேலைக்கு அடிப்படை அதுதான்.

---

கடை_நிர்வாகம்

நன்றி. ஆனால் அந்தத் தேர்வு வேலைக்கு முயற்சி செய்யும் பிள்ளைகளுக்குச் சரி. குடோனில் 54 வயதில் வயர் சுருள் எண்ணும் அண்ணனுக்கு வேர்டும் எக்செல்லும் எதற்கு? ஏப்ரலுக்குள் அவரவர் வேலை நின்றுபோகாமல் நடந்தால் போதும் எனக்கு.

---

டாலி_பயிற்றுநர்

மதுரைப் பக்கம் கடைகளுக்கும் சின்ன மில்களுக்கும் பல வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயதை வைத்துப் பிரிக்காதீர்கள். ஈரோடு நண்பர் சொன்ன கூச்சம் உண்மை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "45-க்கு மேல்" என்று ஒரு குழு அமைந்த நிமிடமே அதற்குக் கடையில் ஒரு பட்டப்பெயர் வந்துவிடும், பயிற்சி முடிந்த பிறகும் அது போகாது. தவிர அந்தக் குழுவில் கவுண்டர்காரரும் குடோன்காரரும் வசூல்காரரும் சேர்ந்து உட்காருவார்கள். மூவருக்கும் தேவையானது வேறு வேறு. ஒருவருக்கு F8-இல் விற்பனை பில் போட வேண்டும், ஒருவருக்கு இருப்பு பார்க்கத் தெரிந்தால் போதும், இன்னொருவருக்கு F6-இல் வரவு மட்டும். மற்றவர் பாடம் நடக்கும்போது இவர் சும்மா உட்கார்ந்து "நமக்குப் புரியவில்லை" என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் அது அவருக்குத் தேவையே இல்லாத பாடம்.

செய்யும் வேலையை வைத்துப் பிரியுங்கள். கவுண்டர் 4 பேர் ஒரு குழு. குடோன் 3 பேரோடு லாரி புக்கிங்காரரும் சேர்ந்து ஒரு குழு. வசூல் 3 பேர் ஒரு குழு. வயது கலந்துதான் வரும், பரவாயில்லை, எல்லாருக்கும் அது தெரிந்த வேலை. கவுண்டரில் இருபது வருடம் நின்ற அக்காவுக்கு எந்த வயருக்கு என்ன விலை என்று தலைகீழாகத் தெரியும், பக்கத்தில் இருக்கும் பையனுக்கு கீபோர்டு தெரியும். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒருவர் பில்லைப் படிக்க இன்னொருவர் அடிக்க வேண்டும், ஐந்து பில்லுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். உங்களிடம் இரண்டு கம்ப்யூட்டர் இருப்பதால் நாலு பேருக்குச் சரியாகப் பொருந்தும். ஐந்தாவது ஆள் வந்தால் அவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார்.

கணக்கில் இருக்கும் இருவரை எந்தக் குழுவிலும் போடாதீர்கள், அவர்கள் முதலில். பெரிய கணக்கர் எத்தனை வருடமாக இருக்கிறார்?

---

கடை_நிர்வாகம்

31 வருடம். அவர்தான் எனக்குப் பெரிய கவலை. பேரேட்டில் ஒரு பைசா பிசகாது, ஜிஎஸ்டி எல்லாம் விரல் நுனியில். இதை அவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்றே தெரியவில்லை.

---

டாலி_பயிற்றுநர்

அவருக்குப் பயிற்சி என்ற சொல்லே வேண்டாம். டாலி ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஆரம்ப இருப்பு ஏற்ற வேண்டும். அதைச் சரிபார்க்க அந்தக் கடையில் அவரைத் தவிர யாரும் கிடையாது. "ஐயா, இந்த இருப்பெல்லாம் உங்கள் பேரேட்டோடு ஒத்துப்போகிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று உட்காரவையுங்கள். இது சும்மா மரியாதைக்குச் சொல்லும் பேச்சு இல்லை, நிஜமாகவே அவர் செய்தாக வேண்டிய வேலை. ஜனவரி வரைக்குமான இருப்பை வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு, மார்ச் 31 இருப்பை அப்புறம் ஏற்றலாம். அறுபது எழுபது பார்ட்டியைத் திறந்து பார்த்து, தப்பைத் திருத்தி முடிக்கும்போது லெட்ஜர் எங்கே, திருத்துவது எப்படி, வெளியே வர Esc, சேமிக்க Ctrl+A என்பதெல்லாம் கைக்கு வந்துவிடும். பிற்பாடு கவுண்டரில் ஒரு சந்தேகம் என்றால் எல்லாரும் பழையபடி அவரிடமே போவார்கள்.

நாளைப் பொறுத்தவரை, கணக்கு ஆட்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20-ஆம் தேதி 3பி என்று நெருக்கடி இருக்கும், ஆகவே 20-க்குப் பிறகு வையுங்கள். மற்ற மூன்று குழுவுக்கும் கடை சோர்ந்திருக்கும் நேரம், அநேகமாக மதியம் 3 மணி, முக்கால் மணி நேரம், வாரம் இரண்டு நாள். ஒரே நாளில் நாலு மணி நேரம் உட்காரவைத்தால் முதல் முக்கால் மணியில் கற்றதையும் கடைசி மணி நேரம் அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் பகுதியில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் எது என்று பார்த்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

தமிழ்த் திரை பற்றியும் ஒன்று. படிக்கச் சுலபம்தான், விரும்புகிறவருக்குப் போட்டுக் கொடுக்கலாம். ஆனால் உங்கள் சரக்குப் பெயரெல்லாம் ஆங்கிலத்தில்தான் ஏற்றியிருப்பீர்கள், பக்கத்து கவுண்டர் திரை ஆங்கிலத்தில் இருக்கும், போனில் உதவி கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் ஆங்கிலப் பெயரைத்தான் சொல்வார். இரண்டு திரைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் திரையை அப்படியே விட்டுவிட்டு, தேவைப்படும் ஏழெட்டு விசைகளைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் ஓரம் ஒட்டிவிடுவேன்.

---

ஈரோடு_ஜவுளி

எங்கள் கடையில் மூன்று பேர் தமிழ்த் திரையில்தான் இன்றைக்கும் வேலை பார்க்கிறார்கள், ஒரு சிக்கலும் இல்லை. சரக்குப் பெயரையும் தமிழிலேயே ஏற்றினோம். அதனால் இதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். வேலை வாரியாகப் பிரிப்பது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன்.

---

வார்டு_சிஸ்டர்

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்களுக்கும் போன வருடம் நோயாளி பதிவு எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியது. சின்னக் குழுதான், ஆறு ஆறு பேர். ஆனால் நைட் டியூட்டி முடித்துக் காலை 8 மணிக்கு இறங்குகிறவர்களை 8.30-க்கு உட்காரச் சொன்னார்கள். கண் செருகும் நேரத்தில் என்ன ஏறும்? "சீனியர் சிஸ்டர்களுக்கு வேகம் போதவில்லை" என்று பிற்பாடு பேச்சு வேறு. குழுவைச் சின்னதாக வைத்தால் மட்டும் போதாது, எந்தப் பொழுதில் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. சொல்லிக்கொடுக்க வந்த தம்பி நாங்கள் தயங்கினால் உடனே மௌஸை வாங்கி அவரே செய்துவிடுவார். பார்க்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், வார்டுக்குத் திரும்பினால் ஒன்றுமே ஓடாது.

---

டாலி_பயிற்றுநர்

சிஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. சொல்லிக்கொடுப்பவர் கீபோர்டைத் தொடக் கூடாது என்பதை நான் கடை முதலாளிக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். இதே தப்பு பயிற்சிக்குப் பிறகும் நடக்கும். கடையில் ஒரு கெட்டிக்காரப் பையன் எல்லார் பில்லையும் அவனே அடித்துக் கொடுத்துவிடுவான், வெளிப்பார்வைக்கு எல்லாம் ஓடுவதுபோல இருக்கும். அதனால் ஆளுக்கு ஒரு பயனர் பெயர் கொடுங்கள். எல்லாப் பதிவும் ஒரே பெயரில் வந்தால் மற்றவர்கள் இன்னும் தொடவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

அதேபோல டாலிக்கு மௌஸ் வேண்டியதே இல்லை, முழுக்க கீபோர்டிலேயே ஓட்டலாம். மௌஸ் பிடிக்கக் கை நடுங்குகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

பேரேட்டுக்காரன்

எனக்கு வயது 58. ஒரு அரிசி மண்டியில் கணக்கெழுதுகிறேன், நாலு வருடமாக டாலியில். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா, உங்கள் சுற்றறிக்கையில் "கணினி அறிவு இல்லாத" என்ற மூன்று சொல்லை முதலில் எடுங்கள். என்ன தெரியாது என்று ஒரு ஆளைப் பற்றிச் சுவரில் ஒட்டினால் அவர் எப்படி வந்து உட்காருவார்? "தேர்வு" என்பதையும் எடுங்கள். எங்களுக்கு இருந்த பயம் கம்ப்யூட்டர் மேல் இல்லை, வேலை போய்விடுமோ என்பதுதான். தேர்வு என்று எழுதினால் தேறாதவரை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் படிப்போம். வேலைக்கு ஆபத்து இல்லை என்றால் அதை முதலாளியே வாயால் சொல்ல வேண்டும், காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது.

இன்னொரு சின்ன விஷயம். ஆரம்பத்தில் ஒரு நாள் எண்களை அடிக்க அடிக்க ஒன்றுமே விழவில்லை. இயந்திரத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். NumLock அணைந்திருந்ததாம். அந்த ஒரு விசையை முதல் நாளே காட்டியிருந்தால் ஒரு வாரம் நான் ஒதுங்கியிருக்க மாட்டேன்.

---

கடை_நிர்வாகம்

ஐயா, ரொம்ப நன்றி. முதலாளியிடம் இன்றைக்கே பேசுகிறேன்.

பயிற்றுநர் சார், வசூல்காரர்கள் மூன்று பேரும் "நாங்கள் லைனில் சுற்றுகிறவர்கள், ரசீதைக் கொடுத்துவிடுகிறோம், ஆபீஸில் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். அவர்களை விட்டுவிடலாமா?

---

டாலி_பயிற்றுநர்

விடாதீர்கள், உண்மையில் அவர்களுக்குத்தான் இதில் லாபம். ஒரு பார்ட்டி 11,250-க்கு ஒரு பில், 7,150-க்கு ஒரு பில் வைத்திருக்கிறார். உங்கள் ஆள் போய் 18,400 வாங்கி வருகிறார். வரவு போடும்போது எந்தப் பில்லுக்கு என்று டாலி கேட்கும். Agst Ref எடுத்து இரண்டு பில்லையும் காட்டினால் இரண்டும் பாக்கிப் பட்டியலிலிருந்து கழிந்துவிடும். ஆபீஸில் அவசரத்தில் இருப்பவர் On Account என்று போட்டுவிட்டால் 18,400 தனியாக நிற்கும், இரண்டு பில்லும் பாக்கியாகவே தெரியும். பார்ட்டியின் மொத்த இருப்பு சரியாக இருப்பதால் தப்பு கண்ணில் படாது. அடுத்த வாரம் பட்டியலைப் பார்த்து யாராவது உங்கள் ஆளை அதே கடைக்கு அனுப்புவார்கள், அவர் போய் நிற்க, "போன வாரம்தானே கட்டினேன்" என்று நாலு பேர் முன்னால் பேச்சு வாங்குவார்.

இதை அவர்களிடம் சொல்லுங்கள், வசூலில் இருக்கும் எவருக்கும் உடனே புரியும். சொல்லும் விதமும் இதுதான் என்பேன். "நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஆரம்பித்தால் மூஞ்சி சுருங்கும். "கட்டிய பில்லை மறுபடி கேட்கப் போகும் நிலைமை வராமல் இருக்க, நீங்கள் வாங்கியதை நீங்களே பதிந்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை" என்றால் உட்காருவார்கள். இது அவர்கள் தொழில் மானத்தைக் காக்கிற காரியம்.

கவுண்டருக்கு மூன்று பழக்கம் மட்டும் முதல் வாரம். முதலாவது தேதி. டாலி கடைசியாகப் போட்ட தேதியிலேயே நிற்கும், காலையில் F2 அடித்து மாற்றாவிட்டால் இன்றைய பில் நேற்றைய கணக்கில் விழும். அடுத்தது Enter. ஒவ்வொரு கட்டமாக Enter தட்டிக்கொண்டே போகிறவர் கடைசியில் Accept? என்று கேட்கும்போதும் பழக்கத்தில் தட்டிவிடுவார், பாதி பில் சேமிக்கப்பட்டுவிடும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு மொத்தத் தொகையை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது PgUp. தெரியாமல் கை பட்டால் முந்தைய பில் திறந்துகொள்ளும், புது பில் என்று நினைத்து அதன் மேலேயே அடித்துவிடுவார்கள். திரையின் மேலே Creation என்று இருக்கிறதா, Alteration என்று இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். பயனர் அனுமதியிலும் திருத்தும் உரிமையை ஆரம்பத்தில் நிறுத்திவையுங்கள்.

பயிற்சிக்குத் தனிக் கம்பெனி வேண்டும். நிஜத் தரவை பேக்கப் எடுத்து வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, பெயரை "பயிற்சி" என்று மாற்றிவிடுங்கள். ஃபோல்டர் முக்கியம், அதே இடத்தில் ரீஸ்டோர் செய்தால் நிஜத்தின் மேலேயே விழுந்துவிடும். லைசென்ஸ் இல்லாத எஜுகேஷன் மோடில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிய விடும், அதைப் பார்த்து "என்னால்தான் கெட்டுப்போச்சு" என்று நினைக்கிறவர்கள் உண்டு, ஆகவே லைசென்ஸ் போட்ட கம்ப்யூட்டரிலேயே பழக்குங்கள்.

---

கடை_நிர்வாகம்

முதலாளி சம்மதித்துவிட்டார். தேர்வு வேண்டாம், யாரையும் அனுப்பும் எண்ணமும் இல்லை, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அவரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். புதிதாக எழுதியிருப்பது இது, பாருங்கள்:

"அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் 1 முதல் நம் கடையின் பில், வரவு, சரக்கு இருப்பு ஆகியவற்றை டாலியில் பதியப்போகிறோம். ஏப்ரல் 15 வரை கை பில் புத்தகமும் கூடவே இருக்கும். அவரவர் இப்போது செய்யும் அதே வேலையை டாலியில் எப்படிச் செய்வது என்று மூன்று நான்கு பேராக உட்கார்ந்து பார்க்கலாம். கடை நேரத்திலேயே, மதியம் 3 மணிக்கு, முக்கால் மணி நேரம். பழகுவதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம், அதில் எதை அழுத்தினாலும் கடைக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. எந்த நாள் வசதி என்பதைச் சொன்னால் அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை பார்த்தது போதாது என்றால் அடுத்த முறையும் வரலாம்."

---

ஆடிட்டர்_ஆபீஸ்

நல்ல மடல். ஒரே இடத்தில் மட்டும் தெளிவு வேண்டும். "கை பில் புத்தகமும் கூடவே இருக்கும்" என்றால் ஒரே விற்பனைக்கு வாடிக்கையாளர் கையில் இரண்டு பில் போய்விடக் கூடாது. ஜிஎஸ்டியில் ஒரு விற்பனைக்கு ஒரு பில் எண்தான். ஏப்ரல் 15 வரை கை பில்லே பில், அதன் கார்பன் நகலைப் பார்த்து அதே எண்ணோடு மாலையில் டாலியில் பதிய வேண்டும். அதற்கு வவுச்சர் எண்ணை Manual என்று வைத்துக்கொள்ளுங்கள். 16-ஆம் தேதியிலிருந்து டாலியில் புது வரிசை ஆரம்பிக்கலாம், கை பில் புத்தகத்தைப் பூட்டிவிடலாம். பழகுகிறவர்களுக்கும் இது நல்லது, வாடிக்கையாளர் எதிரில் நிற்காமல் நிதானமாக அடிக்கலாம்.

---

பேரேட்டுக்காரன்

மடல் நன்றாக இருக்கிறது அம்மா. "ஒருமுறை பார்த்தது போதாது என்றால்" என்பதை "எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்" என்று மாற்றுங்கள். போதாது என்று எழுதியிருந்தால் அடுத்த முறை வருகிறவன் தனக்குப் போதவில்லை என்று ஊருக்கே சொல்கிற மாதிரி இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சுவரைப் பார்த்து முதல் தடவை தெரிந்துகொள்வதாக இருக்கக் கூடாது.

---

ஈரோடு_ஜவுளி

எங்கள் கடையில் கடைசியில் ஒரு சின்னச் சோதனை வைத்தோம், பத்து பில் தனியாக அடிக்க வேண்டும் என்று. அது இல்லாமல் யாருக்கு வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?

---

டாலி_பயிற்றுநர்

மறுநாள் காலை முதல் பில்லைப் பாருங்கள். யாரையும் கூப்பிடாமல் தேதியை மாற்றி, பில் போட்டு, மொத்தத்தைப் பார்த்துச் சேமித்தால் வந்துவிட்டது. இல்லாவிட்டால் அவரை அடுத்த முறை உட்காரவைக்கலாம், தனியாக ஒரு தேர்வு எதற்கு?

---

ஈரோடு_ஜவுளி

13 பேருக்கு அப்படி ஒவ்வொருவராக நின்று பார்க்க ஆள் வேண்டுமே. எனக்கு இன்னும் சம்மதமில்லை, ஆனால் அவர்கள் கடை, அவர்கள் முடிவு.

---

கடை_நிர்வாகம்

பேரேட்டு ஐயா சொன்ன திருத்தத்தைச் செய்துவிட்டேன், பில் எண் விஷயத்தையும் சேர்த்துவிட்டேன். பெரிய கணக்கர் ஐயா நேற்று இருப்பு சரிபார்க்க உட்கார்ந்தார், நாங்கள் ஏற்றியதில் இரண்டு பார்ட்டியின் இருப்பு இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார், இன்று அவரே வந்து திறக்கச் சொன்னார்.

ஒன்று மட்டும் பாக்கி. வசூல் அண்ணன்களில் ஒருவர் நத்தம் லைன் போகிறவர், சனிக்கிழமை மட்டும்தான் மதியம் கடையில் இருப்பார். மற்ற இருவரும் செவ்வாய், வியாழன். அவருக்காகத் தனியாக ஒரு ஆள் வகுப்பு வைத்தால் அவர் மட்டும் பின்தங்கியவர் போலத் தெரியுமோ என்று யோசனையாக இருக்கிறது.

---

வார்டு_சிஸ்டர்

சனிக்கிழமை கவுண்டரில் யாராவது ஒருவரையும் கூட உட்காரவையுங்கள். அவர்களுக்கும் வரவு போடத் தெரிந்திருக்க வேண்டியதுதானே.

---

டாலி_பயிற்றுநர்

அதுதான் சரி. கவுண்டரில் பணம் கட்ட வரும் பார்ட்டிகளுக்கும் அதே Agst Ref வேலைதான். நத்தம் லைன் அண்ணன் அந்த வார ரசீதுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவரட்டும், அதிலிருந்தே பயிற்சிக் கம்பெனியில் அடித்துப் பார்க்கலாம்.